நீயும் எழுந்திரு, பீம்

திருவொற்றியூர்
24.6.2024

அன்புள்ள பீம்,

நலமா? தங்கை யசோதராவும் மகள் சங்கமித்ராவும் நலமா? இங்கே ஞானசெல்விக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழை வருவதுபோல எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. பகலில் கண்டெய்னர் யார்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. இரும்புப் பெட்டிகளின் வெக்கை முகத்தில் அறைகிறது.

உனக்கு ஒன்பது முறை போன் செய்தேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. இருபத்தாறு வருடம் எதிரெதிர் ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் நாம். பேசியதைவிட ஷிப்ட் நோட்டில் ஒருவருக்கொருவர் எழுதி வைத்ததுதான் அதிகம். போனில் பேசாதவன் எழுதினால் படிப்பான் என்று தோன்றியது. அதனால் தபால்.

நாம் பேசிய தொழில் ஆரம்பமாகப் போகிறது. ஆகஸ்ட் 22 வியாழக்கிழமை, விம்கோ நகர் ஷெட்டில் திறப்பு. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கின்றன. மீன், இறால் ஏற்றிய குளிர்பெட்டியின் மெஷின் அந்த வரிசையிலேயே நின்றுபோனால் பார்க்க ஆள் கிடையாது. வேனில் நாமே அங்கே போய்ச் சரி செய்வது. நீ சொன்ன அதே யோசனைதான். வேன் வந்துவிட்டது. நம் கூட்டாளி சாவியோ பழைய கம்ப்ரஸர் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு சின்ன மனக்குறை. உன் பிரிவு விருந்தில் நான் டோஸ்ட் சொன்னபோது எல்லோரும் எழுந்து கிளாஸைத் தூக்கினார்கள். நீ எழவில்லை, கிளாஸைத் தொடவும் இல்லை. உனக்கு மனம் மாறிவிட்டதோ, ஓய்வெடுக்க நினைக்கிறாயோ என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதனால் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் சாவியோ, ஜுபைர், நான், ஷெட் கொடுத்திருக்கும் என் மச்சினன் பொன்துரை என்று நான்கு பேராகப் போட்டுவிட்டோம். ஆனாலும் உன் கைவேலை இல்லாமல் முடியாது. மாதச் சம்பளத்தில் ஆலோசகராக வந்து இரு. யோசித்து எழுது.

என்றும் உன்,
சண்முகவேல்

•

வியாசர்பாடி
3.7.2024

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். ஞானசெல்வியிடம் விசாரித்ததாகச் சொல். போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. உன் குரலைக் கேட்டால் நானே "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவேன். அதைச் சொல்ல இப்போது விருப்பமில்லை.

நான் கிளாஸைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஏன் தொடவில்லை என்பது உனக்குத் தெரியும். ஒருவேளை மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

மே மாதம் இரண்டாவது வாரம். யார்டு வாசல் டீக்கடை. நீ, நான், சாவியோ, ஜுபைர். நாம் கூட்டுத்தொழில் செய்யப்போவதை என் பிரிவு விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நீ. ராயபுரத்தில் அவன் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாம் டோஸ்ட் சொன்னவன் என்பதால் சாவியோவிடம் முறை கேட்டோம். அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"மாமு, டோஸ்டுன்றது பேச்சு இல்ல. ஒரு நிமிசம், அவ்ளோதான். பேப்பர் பாத்துப் படிச்சா கலீஜா இருக்கும். மொதல்ல எல்லார் கிளாஸும் ரொம்பிச்சான்னு பாரு. காலி கிளாஸோட ஒருத்தன் நின்னாலும் பேஜாரு. அப்பால எந்திரி. ஒரே ஒரு விசயம் சொல்லு. கடைசில எல்லாரும் திருப்பிச் சொல்ற மாரி சின்னதா ஒரு வார்த்தை. அவங்க அத்தச் சொல்லிட்டு ஒரு வாய் குடிப்பாங்க. உக்காருவாங்க. முடிஞ்சிது."

ஜுபைர், "நான் குடிக்க மாட்டேனே பாய்" என்றான்.

"அட, கையில இன்னா கீதுன்றது மேட்டரே இல்ல. பன்னீர் சோடா ஊத்து. அதுவும் டோஸ்டுதான்."

அப்புறம்தான் முக்கியமானதைச் சொன்னான். யாருக்காக டோஸ்ட் சொல்கிறோமோ அவன் எழக்கூடாது, கிளாஸைத் தொடக்கூடாது. தனக்குத் தானே குடித்துக்கொள்வது மரியாதை இல்லை. எல்லோரும் குடித்து உட்கார்ந்த பிறகு அவன் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அது அவன் உரிமை. இன்னொன்றும் சொன்னான்: கூட்டுத்தொழிலை டோஸ்டில் சொல்வதானால் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் முன்னாலேயே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், சபையில் வைத்து யாரையும் திகைக்க வைக்கக் கூடாது. நாம் நால்வரும் அங்கேயே சம்மதித்தோம்.

நான் கேட்டேன்: "விருந்து எனுக்கு. தொழிலு நம்ம நாலு பேர்து. நான் உக்காந்துகினு இருக்கணுமா, எந்திரிக்கணுமா?"

சாவியோ சிரித்தான். "நல்ல கேள்விடா நைனா. டோஸ்டு உனுக்குன்னா உக்காரு. நம்ம எல்லாருக்கும்னா எந்திரி. ஆனா நீயா எந்திரிக்கக் கூடாது. டோஸ்டு சொல்றவன் உன்னக் கூப்புடணும்."

அதற்காகத்தான் கடைசியில் ஒரு வரி சேர்த்தாய். "பீம், நீயும் எழுந்திரு, கிளாஸை எடு. நம்ம நாலு பேருக்கும்!" எனக்கே மூன்று முறை சொல்லிக் காட்டினாய்.

மே 31 மாலை, கல்மண்டபம் பக்கத்து ஹோட்டல் மாடியில், நீ சொன்னது வேறு. சங்கமித்ரா போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். ஐம்பத்திரண்டு வினாடி. "சாவியோ, ஜுபைர், நான், என் மச்சினன் பொன்துரை, நாலு பேரும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்குறோம். பீமோட ஆசியோட, நம்ம புதுத் தொழிலுக்கு!" எல்லோரும் "புதுத் தொழிலுக்கு" என்றார்கள். படத்தில் நான் நாற்காலியில் இருக்கிறேன். என் முன்னால் பன்னீர் சோடா அப்படியே இருக்கிறது. நீ கூப்பிடுவாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் உட்கார்ந்ததும் பதில் சொல்ல எழுந்தேன். பாதி எழுந்திருந்தேன். நீ "ஐஸ்கிரீம் வரட்டும்" என்றாய்.

வீட்டுக்கு வரும் வழியில் சங்கமித்ரா ஆட்டோவில் கேட்டாள்: "நைனா, உன்ன ஏன் எந்திரிக்கச் சொல்லல?" அதையே உன்னைக் கேட்கிறேன். அந்த வரியை ஏன் சொல்லவில்லை? ஒரே வரியில் பதில் எழுதினால் போதும்.

பீம்ராவ்

•

திருவொற்றியூர்
12.7.2024

அன்புள்ள பீம்,

உன் கடிதத்தைப் படித்து மிகவும் வருந்தினேன். இப்படி நீ நினைப்பாய் என்று தெரிந்திருந்தால் அன்றே பேசியிருப்பேன்.

நடந்தது இதுதான். நாற்பது பேர் முன்னால் நின்று பேசி எனக்குப் பழக்கம் இல்லை. கை நடுங்கியது. பின்னால் பாத்திரச் சத்தம் வேறு. மனப்பாடம் செய்தது பாதியில் நின்றுவிட்டது, வாய்க்கு வந்ததைச் சொல்லி முடித்தேன். அந்த வரி மறந்துபோயிற்று. பொன்துரை எதிரே உட்கார்ந்திருந்ததால் அவன் பெயர் வந்துவிட்டது. இடம் கொடுக்கிறவன் அல்லவா.

பத்திரத்தைப் பொறுத்தவரை, பிறகு ஒரு வருடம் கழித்து உன்னையும் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது என்று ஆடிட்டர் சொல்கிறார். புதிய பங்குதாரரைச் சேர்க்க இருக்கிறவர்கள் எல்லோரும் சம்மதித்துத் துணைப் பத்திரம் எழுதினால் போதுமாம். அதுவரை சம்பளத்தில் இரு. நம்மிடையே பெயரா முக்கியம்?

சாவியோ உன்மேல் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறான். நீ சொல்லாமலே ஒதுங்கிவிட்டாய் என்று நினைக்கிறான். நீயே அவனிடம் ஒரு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும். ஞானசெல்வி அதிரசம் செய்திருக்கிறாள். ஜுபைர் அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உன்,
சண்முகவேல்

•

வியாசர்பாடி
17.7.2024

சண்முகம்,

அதிரசம் வந்தது. ஜுபைர் வாசலில் நின்றபடியே கேட்டான்: "ஏன் பாய், பொண்ணு வேணாம்னு சொல்லிச்சுன்னு நீங்களே வெலகிட்டீங்களாமே?" யார் சொன்னது என்று கேட்டேன். "சண்முகம் பாய்தான்" என்றான். விருந்து நடந்த அன்று மதியமே நான் விலகிவிட்டதாக நீ சொன்னாயாம். அதை நம்பித்தான் அவர்கள் இருவரும் கிளாஸைத் தூக்கியிருக்கிறார்கள். நான் அவர்கள்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

சங்கமித்ரா அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கம்பெனி கொடுத்த இரண்டு வருட வேலை நீட்டிப்பை நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது பக்கத்தில் பேனா கொடுத்தவன் நீ.

2011 நவம்பர் உனக்கு நினைவிருக்கும். இறால் பெட்டி. மைனஸ் 18 டிகிரி வைக்க வேண்டியதற்குப் பிளஸ் 18 வைத்துவிட்டாய். நான்கு மணி நேரம் கழித்து உனக்கே தெரிந்தது. பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதியும் ரெக்கார்டரை யாரும் எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால், நீயாகவே நோட்டில் எழுதினாய். "6.10க்கு வைத்தேன். குறியைத் தவறாக வைத்தேன். 10.15க்குப் பார்த்தேன். வேறு காரணம் இல்லை. சண்முகவேல்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் கீழே கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் அந்த நோட்டில் நீ பொய் எழுதியதில்லை.

அதுபோல எழுது. மணி போட்டு எழுது. இல்லையென்றால் எழுத வேண்டாம்.

பீம்ராவ்

•

திருவொற்றியூர்
28.7.2024

பீம்,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

31.5.2024, வெள்ளி.

மாலை 6.30. மாடிக்கு வந்தேன். சாவியோ மேசை மேசையாகப் போய் பன்னீர் சோடா ஊற்றிக்கொண்டிருந்தான். எல்லா வரிகளும் எனக்கு நினைவில் இருந்தன.

7.05. பொன்துரை வந்தான். கை கழுவும் இடத்தில் என்னைத் தனியே நிறுத்தினான். "அத்தான், அக்கா சொன்னா. அந்த வியாசர்பாடிக்காரரும் பார்ட்னரா?" என்றான். ஆமாம் என்றேன். "வேலைக்கு வச்சுக்கிடுங்க, நல்ல வேலைக்காரரு, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா போர்டுல பேரு போட்டு, பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சா, நம்ம ஆளுக நாலு பேரு வந்து போற இடம்லா. ஷெட்டு அப்பா பேர்ல இருக்கு. அவருகிட்ட நான் என்னத்த சொல்லுவேன்?" என்றான்.

சாதிப் பெயரை அவன் சொல்லவில்லை. எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கேட்டவுடன் புரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது. புரியாதவனாக இருந்திருந்தால் "என்னடே சொல்லுத?" என்று கேட்டிருப்பேன்.

7.15. சாவியோவிடமும் ஜுபைரிடமும் போய், நீ மதியமே விலகிவிட்டாய், மகள் வேண்டாம் என்கிறாள், விருந்தில் அதைப் பற்றிக் கேட்டு அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று சொன்னேன். யாரும் சொல்லித் தரவில்லை. கை கழுவிய ஈரம்கூடக் காய்ந்திருக்கவில்லை.

8.10. எழுந்தேன். கை நடுங்கவில்லை. பாத்திரச் சத்தம் இல்லை. போன கடிதத்தில் எழுதியது பொய். "நாலு பேர்" என்பதை அப்படியே வைத்துக்கொண்டு நாலாவது பெயரை மாற்றினேன். உன்னை எழச் சொல்லவில்லை. நான் கூப்பிடாமல் நீ எழமாட்டாய் என்று எனக்குத் தெரியும். சாவியோ சொன்ன முறையை நீ மீற மாட்டாய். நீ மரியாதைக்காக உட்கார்ந்திருந்ததை, பிறகு எல்லோரிடமும், உனக்கு விருப்பமில்லாததற்குச் சாட்சியாகக் காட்டினேன். உனக்கே எழுதிய முதல் கடிதத்திலும் காட்டினேன்.

8.12. நீ பதில் சொல்ல எழுந்ததைப் பார்த்தேன். நீ பேசினால் எல்லாம் வெளியே வரும் என்று பயந்து ஐஸ்கிரீம் கேட்டேன்.

வேறு காரணம் இல்லை.

இன்னொன்று, அன்றைய மணிக்கணக்கில் வராதது. நீ எத்தனையோ தடவை என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறாய். பைக்கை அணைக்காமலே பேசிவிட்டுப் போவாய். அவசரக்காரன் என்று உன்னைக் கேலி செய்வேன். போன வாரம் ஞானசெல்வி கேட்டாள், "அவர ஒரு நாளாவது உள்ள வாங்கன்னு கூப்பிட்டிருக்கியளா?" என்று. யோசித்துப் பார்த்தேன். உன் வீட்டில் நான் எத்தனை முறை சாப்பிட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. நான் ஒரு முறைகூட உன்னைக் கூப்பிடவில்லை. அப்படியானால் நான் மே 31 அன்று புதிதாக எதையும் செய்யவில்லை.

நேற்று சாவியோவிடமும் ஜுபைரிடமும் இதை எல்லாம் சொன்னேன். ஜுபைர் வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். சாவியோ போகவில்லை. "டேய், நான் கத்துக் குடுத்த ரூல்டா அது. ஒருத்தன மேல தூக்கி வக்கிறதுக்கு இருக்குற ரூலு. அத்த வச்சியாடா அவன உக்கார வச்ச? த்தூ. இனிமே என் வாய்ல டோஸ்டுன்னு வருமாடா?" என்றான். அதுவரை அவன் அழுது நான் பார்த்ததில்லை.

பொன்துரையின் ஷெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்திரத்திலிருந்து அவன் விலக ஒத்துக்கொண்டான். இடம் இனிமேல்தான் பார்க்க வேண்டும். திறப்பு தள்ளிப்போகும். நீ சம்மதித்தால் உன் பெயர் முதலில் வரும். எங்கேயாவது, எப்போதாவது, அதே நாற்பது பேரைக் கூப்பிட்டு நான் மறுபடி எழுந்து நின்று அந்த வரியைச் சொல்கிறேன். ஏன் முதலில் சொல்லவில்லை என்பதையும் அவர்கள் முன்னாலேயே சொல்கிறேன்.

நீ வருவாயா?

சண்முகவேல்

•

வியாசர்பாடி
9.8.2024

அன்புள்ள சண்முகம்,

படித்தேன். சங்கமித்ராவுக்கும் யசோதராவுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நீ எழுதியது சரி. நோட்டில் போடுவதுபோலக் கீழே கையெழுத்துப் போட்டு, அந்தக் கடிதத்தை என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

சாவியோவும் ஜுபைரும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். யசோதரா வறுத்த வஞ்சிர மீனை முதல் ஐந்து நிமிடம் யாரும் தொடவில்லை. பிறகு சாவியோ, "அண்ணி, ஆறிப்போச்சுன்னா மீனுக்கு அவமானம்" என்றான். அதற்கப்புறம் ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் கூட்டுக்கு வரவில்லை. பழிவாங்குவதற்காக இல்லை. வரிசையில் நிற்கும் லாரியில் பெட்டியைத் திறக்கும்போது, பக்கத்தில் நிற்பவன் என்னைப் பற்றி மனதுக்குள் என்ன நினைக்கிறான் என்று யோசிக்காமல் கையை உள்ளே விட வேண்டும். உன் பக்கத்தில் இனி அது முடியாது. முடிகிற நாள் வந்தால் நானே எழுதுவேன். நீ கேட்டு எழுதாதே. நாற்பது பேரைக் கூப்பிடவும் வேண்டாம். என்னை எழச் சொல்வதற்காக இன்னொரு முறை நான் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்க முடியாது.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் பச்சையம்மா பழைய குளிர்பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். அதைச் சரி செய்துகொண்டிருக்கிறேன். "யோவ் பீமு, நின்னுகினே வேல பாக்காத, குந்து" என்று அவர் தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளுகிறார். வேலை இருக்கிறது. கவலைப்படாதே. வேன் யோசனையை நீங்கள் மூவரும் நடத்துங்கள். லாரி டிரைவர்களுக்கு அது தேவை.

ஒன்று மட்டும் பாக்கி. டோஸ்டுக்குப் பதில் சொல்வது என் உரிமை என்று சாவியோ சொன்னான். அன்றைக்கு அந்தப் பதிலை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பேப்பர் பார்த்துப் படிக்கக் கூடாது என்பதால் மனப்பாடமும் செய்திருந்தேன். சங்கமித்ரா கைக்கடிகாரம் பார்த்து ஐம்பது வினாடி என்று சொன்னாள். அது யாருக்குச் சேர வேண்டியதோ அவனிடம் சேரட்டும் என்று இத்துடன் அனுப்புகிறேன். இதில் எதையும் நான் மாற்றவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். என்னப் பத்தி சண்முகம் நல்லதா நாலு வார்த்தை சொன்னான். அவன் சொன்னது எல்லாத்தயும் நம்பாதீங்க, பாதிதான் நெசம். நான் ஒரு பொட்டியயும் கெட வுடலன்னா, அதுக்குக் காரணம் எனுக்கு முன்னாடி ஷிப்டு பாத்தவன். அவன் நோட்டுல எழுதி வச்சா, நான் போயி இன்னொரு வாட்டி தொறந்து பாக்க மாட்டேன். இந்த யார்டுல நான் கண்ண மூடிகினு நம்புன ஒரே ஆளு அவன்தான். இனிமே எங்க தொழில்லயும் அப்பிடித்தான். ஒரு நிமிசம். எல்லார் கிளாஸும் ரொம்பிக்கீதா? சாவியோ, அந்தக் கடைசி மேசைய பாரு. சரி. எல்லாரும் எந்திரிங்க. சண்முகம், நீ மட்டும் உக்காரு. கிளாஸத் தொடாத. இது உனுக்கு."

பீம்ராவ்